அவளுக்குத் தெரியாமல் போட்டுப் பார்த்தது

எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும். ஒரு ஃபைல் வரும். அதற்குக் கீழே ‘செக்’ என்று ஒரு சொல். வணக்கம் கிடையாது, எதற்காக என்ற விவரம் கிடையாது. ஊட்டியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் தற்காலிக ஆசிரியை நான். ஆண்டுக்கு ஒரு முறை என் வேலையைப் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். அதனாலேயோ என்னவோ, இந்த ஒற்றைச் சொல் செய்திகள் என் கௌரவத்தைக் கொஞ்சம் சுரண்டும். சலவைக்குத் துணி போடுகிற மாதிரிப் போட்டுவிட்டுப் போகிறார்களே என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் அப்படி ஒன்று வந்தது. குன்னூரில் வீட்டில் இருந்தேன். மூன்று நாளாக வெயில் இல்லாமல் துணியெல்லாம் கூடத்தில் கொடி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அனுப்பியவள் மூன்றாம் ஆண்டு மாணவி. தேவர்சோலை தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டுப் பெண். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வகுப்பில் கடைசிக்கு முந்திய பெஞ்சு. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். அவளுடைய பரீட்சைத் தாள்களில் ‘இருக்கிறது’ எங்கே, ‘இருந்தது’ எங்கே என்று நானே தடுமாறிப் போகும் அளவுக்கு ஆங்கிலம் குழம்பிக் கிடக்கும்.

ஃபைலைத் திறந்தேன். சமவெளியில் ஒரு பெரிய சமூகப்பணிக் கல்லூரியின் முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பக் கட்டுரை. ‘உங்கள் ஊரின் ஒரு பிரச்சினையைச் சொல்லி, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதவும்’ என்பது கேள்வி. திங்கட்கிழமை கடைசி நாள். அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஹாஸ்டல் செலவோடு சேர்த்துப் படிப்புச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் அவள் எஸ்டேட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். வகுப்பில் நானேதான் அந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னேன்.

அவள் எழுதியது லைன் வீடுகளைப் பற்றி. எஸ்டேட் கொடுக்கிற வீடு வேலை இருக்கும்வரைதான். அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலைக்குப் போனால் மட்டும் வீடு நிற்கும். ஆகவே குடும்பத்தில் யாராவது ஒரு பிள்ளை படிப்பை விட்டுக் கொழுந்து எடுக்கப் போகும். இதுதான் விஷயம். முதல் பத்தி வழக்கமான தப்பும் தவறுமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘எங்கள் லைனில் ஒவ்வொரு வீடும் தான் நிற்பதற்காக ஒரு பிள்ளையைக் கேட்கிறது, எங்கள் வீடு என் அக்காவைக் கேட்டது.’ அதைத் தொடர்ந்து ஒரு பக்கம் முழுக்க அதே வீச்சு.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நல்ல வாக்கியத்தைப் படித்த சந்தோஷத்தில் அல்ல. திருட்டைப் பிடிக்கப் போகிற சந்தோஷத்தில்.

‘செக்’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்கு என்னென்ன அர்த்தம் இருக்க முடியும் என்று அன்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். எழுத்துப்பிழை, காலம், ஒருமை பன்மை இதையெல்லாம் திருத்தித் தரச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். முக்கால்வாசிப் பேர் கேட்பது அதைத்தான். அல்லது, சொல்ல வந்தது எடுபடுகிறதா என்று கேட்கிறாளோ என்னவோ. அதற்கும் அங்கே வேலை இருந்தது. பிரச்சினையை அவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டு, முடிவில் ‘அரசு எல்லோருக்கும் வீடு கட்டித் தரவேண்டும்’ என்று ஒரே வரியில் கை கழுவியிருந்தாள். ‘நீ என்ன செய்வாய்’ என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. அதை நான் எடுத்துச் சொல்லியிருந்தால் கட்டுரை இன்னொரு படி ஏறியிருக்கும். ஆனால் என் மனது மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. இது இவள் எழுதியதுதானா?

என் கணவர் குன்னூரில் தேயிலை ஏலக் கணக்குப் பார்க்கிற ஆபீசில் வேலை செய்கிறவர். எதையும் நீட்டிப் பேசமாட்டார். நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, “அந்தப் புள்ளகிட்டயே என்ன பாக்கோணும்னு ஒரு வார்த்த கேட்டுப்போட்டா முடிஞ்சுதுங்களே” என்றார்.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க” என்றேன். கேட்டால் அவள் உஷாராகிவிடுவாள் என்பது என் எண்ணம். மாணவியைப் பற்றி ஓர் ஆசிரியைக்கு வரும் எண்ணமா இது? அன்று வந்தது.

எங்கள் கல்லூரியில் முதுகலை ஆய்வேடுகளில் நகல் எடுத்தது இருக்கிறதா என்று பார்க்க ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தப் பொறுப்பில் எனக்கு ரொம்பப் பெருமை. ஃபைலை ஏற்றினால் இணையத்தில் இருப்பது, பத்திரிகைகளில் வந்தது, மற்றக் கல்லூரி மாணவர்கள் சமர்ப்பித்தது எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, எந்த வரி எங்கே ஒத்துப்போகிறது என்று வண்ணம் தீட்டிக் காட்டும். திருட்டு என்று அது சொல்லாது. ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லும். திருட்டா இல்லையா என்று படித்துப் பார்த்து நாம்தான் முடிவு செய்யவேண்டும். இதைப் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு நானே பாடமாக எடுத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் எடுத்திருக்கிறேன். ஏற்றுகிற ஃபைலை மென்பொருள் தன் சேமிப்பில் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஓர் இடத்தில் தேர்வு செய்யவேண்டும். ஆய்வேடு என்றால் வைத்துக்கொள்ளட்டும், அப்போதுதான் அடுத்த வருடம் ஜூனியர்கள் அதையே பெயர் மாற்றிக் கொடுத்தால் மாட்டுவார்கள். வெறும் வரைவு என்றால் சேமிப்பில் போகவே கூடாது. எங்கள் கணக்கில் ‘வைத்துக்கொள்’ என்பதை நான்தான் நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தேன். அந்த மத்தியானம் அவசரத்தில் அதை மாற்றவில்லை. மாற்றவேண்டும் என்று ஞாபகமே வரவில்லை. வண்ணம் எங்கே விழும் என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தேன்.

வண்ணம் விழவில்லை. தலைப்பில் அவள் அப்படியே எடுத்து எழுதியிருந்த அந்தக் கல்லூரியின் கேள்வி, ஓர் அரசுத் திட்டத்தின் பெயர், இன்னும் ஒன்றிரண்டு பொதுவான சொற்றொடர்கள், அவ்வளவுதான். அக்காவைப் பற்றிய பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை எழுதுவதற்கே கை கூசுகிறது. ஒரு பெண் சொந்தமாக அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தபோது அவளுடைய ஆசிரியைக்கு ஏமாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து இலக்கணத்தை மட்டும் திருத்தினேன். முடிவுப் பத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. மென்பொருளில் போட்டுப் பார்த்ததைச் சொல்லவேயில்லை. ‘திருத்திவிட்டேன், நல்லது’ என்று அனுப்பினேன். மூன்று கும்பிடு படம் பதிலாக வந்தது. திங்கட்கிழமை அவள் விண்ணப்பித்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை என் கல்லூரி மெயிலுக்கு அந்த மென்பொருளிலிருந்து ஒரு தகவல் வந்தது. வேறொரு நிறுவனத்தின் ஆசிரியர், எங்கள் கல்லூரியில் சமர்ப்பிக்கப்பட்ட ஒரு மாணவர் தாளைப் பார்க்க அனுமதி கேட்கிறார் என்று. கீழே அந்த நிறுவனத்தின் பெயர். அவள் விண்ணப்பித்த கல்லூரி.

புரிய ஒரு நொடி போதும். அவர்களும் அதே மென்பொருளில் அவள் கட்டுரையை ஏற்றியிருக்கிறார்கள். நான் சேமிப்பில் தள்ளிவிட்ட பிரதியோடு அது கிட்டத்தட்ட முழுவதும் ஒத்துப்போயிருக்கிறது. எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. வேறு கல்லூரி மாணவரின் பெயரை அந்த மென்பொருள் காட்டாது. ‘இன்ன கல்லூரியில், இன்ன தேதியில் சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் தாள்’ என்று மட்டும் வரும். தேதி அவள் விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் முந்தியது. ஆக, யாரோ ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்து அனுப்பியவள் என்றுதான் தோன்றும்.

அனுமதி கொடுத்தால் ஃபைலில் அவள் பெயரே இருப்பதைப் பார்ப்பார்கள். ஆனால் ‘இக்கட்டுரை இதற்கு முன் எங்கும் சமர்ப்பிக்கப்படவில்லை’ என்று விண்ணப்பத்தில் அவள் உறுதிமொழி கொடுத்திருக்கிறாள். பிறகு இது எப்படி எங்கள் கல்லூரிக் கணக்கில் இருக்கிறது என்ற கேள்வி வரும். அதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும். பிரின்சிபாலுக்குப் போகும். வேலையைப் புதுப்பிக்கும் மாதம் வேறு. மெயிலை மூடினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். புதன்கிழமையும் அதையே சொன்னேன்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கோடு போட்ட தாள். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். உள்ளே வந்து போனை நீட்டினாள். அந்தக் கல்லூரியிலிருந்து வந்த கடிதம். கட்டுரை வேறொரு மாணவர் தாளோடு ஒத்துப்போகிறது, மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

“நான் யாரதும் பாத்து எழுதல மேம்” என்றாள். பிறகு தானாகவே, “ஆனா தப்பு என்மேலதான் மேம்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“அந்த ரெண்டாவது பக்கம் இருக்குல்ல மேம், அது எங்கக்கா சொன்னது. வேல விட்டு வந்து போன்ல பேசும். நான் ஸ்பீக்கர்ல போட்டு எழுதிக்கிட்டேன். வீடு ஒரு பிள்ளையக் கேக்குதுன்னு அதுதான் சொல்லிச்சு. நான் இங்கிலீசுக்கு மாத்துனேன், அவ்வளவுதான். நாலு நாள் ஆச்சு மேம் அந்த ஒரு பக்கத்துக்கு. டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு.”

கையிலிருந்த தாளின் ஓரத்தை மடித்துப் பிரித்தாள்.

“அடுத்தவங்க வாயில வந்தத நம்மது மாதிரி எழுதலாமான்னு அன்னைக்கே ஒங்ககிட்டக் கேக்கணும்னுதான் அனுப்புனேன். எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. செக்னு மட்டும் போட்டுட்டேன். நீங்க நல்லதுன்னு போட்டீங்க. சரி, பரவால்லபோலன்னு நெனச்சேன்.” தாளை என் முன்னால் வைத்தாள். “அத எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. மன்னிப்பு லெட்டர் எழுதியிருக்கேன் மேம். இங்கிலீசு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க. இந்தத் தடவ தப்பு இருக்கக் கூடாது.”

என் அக்காவின் சொற்களை என்னுடையவை போல எழுதிவிட்டேன், அது தவறு என்று தெரியாது, தயவுசெய்து மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள். அக்கா பேசியதைக் கேட்டு ஓர் இயந்திரம் அவளைக் காட்டிக்கொடுத்ததாக அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள். செய்யாத குற்றத்துக்குத் தானே ஒரு காரணம் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு மன்னிப்பும் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். எதிரே நிற்கிறாள், அறையில் வேறு யாரும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒரு வினைச்சொல்லின் காலத்தை மாற்றினேன். ஒரு காற்புள்ளி வைத்தேன். ‘தயவுசெய்து’ இரண்டு தடவை வருகிறது, ஒன்றை எடுத்துவிடு என்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் தாள் திருத்தியிருக்கிறேன். அந்த ஒரு தாளைத் திருத்திய கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“தேங்க்ஸ் மேம்” என்று சொல்லிவிட்டு, லைப்ரரி கம்ப்யூட்டரில் டைப் அடித்து அனுப்பப் போனாள்.

டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடினேன். அவள் டைப் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று மனது கணக்குப் போட்டது. மெதுவாக அடிப்பாள், கால் மணியாவது ஆகும். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் நல்லவிதமாக ஒன்றும் நான் யோசிக்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டால் அவர்கள் மன்னித்துவிடலாம், எல்லாம் தானாகச் சரியாகிவிடலாம் என்றுதான் யோசித்தேன். பிறகு ஒன்று உறைத்தது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்கப்புறம் நான் எவ்வளவு உண்மை சொன்னாலும், காப்பியடித்தேன் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அங்கே இருக்கும். எழுந்து ஓடினேன். நாற்பத்தாறு வயதில் கல்லூரி வராந்தாவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

கடிதத்தின் கடைசி வரியை அடித்துக்கொண்டிருந்தாள். “அனுப்பாத” என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது, லைப்ரரியன் தலையைத் தூக்கினார். அவளை வெளியே படிக்கட்டுக்குக் கூட்டி வந்தேன். நின்றுகொண்டே சொன்னேன். உன் ஃபைலை நான்தான் மென்பொருளில் போட்டேன், அது அங்கேயே தங்கிவிட்டது, அவர்கள் கண்டுபிடித்தது உன்னுடைய கட்டுரையைத்தான், வேறு யாருடையதும் இல்லை.

அவளுக்குக் கோபம் வரும் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது, “அப்ப எங்கக்கா சொன்னத எழுதுனது தப்பில்லையா மேம்?”

“தப்பே இல்லம்மா. அக்கா சொன்னதுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும். அத நான் சொல்லியிருக்கணும். எழுத்து உன்னுதுதான்.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர் பதறவேண்டாம். நான் எழுதிய மெயிலுக்கு மறுநாளே பதில் வந்தது. விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருந்ததை நீக்கி நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சேமிப்பிலிருந்து அந்தப் பிரதியை நீக்கச் சொல்லி எங்கள் பிரின்சிபால் எழுதிக் கொடுத்தார், மென்பொருள் பொறுப்பையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். வேலை போகவில்லை. இவ்வளவுக்குத்தான் மூன்று நாள் பயந்தேன்.

அந்த மெயிலைப் படிக்கட்டில் உட்கார்ந்தே என் போனில் எழுதினேன். அனுமதி கேட்ட தாள் இந்த மாணவியுடையதே, அவர் அதை எங்கும் சமர்ப்பிக்கவில்லை, ‘எங்கள் வழக்கமான நடைமுறைப்படி’ நான் அதை ஏற்றியபோது கவனக்குறைவால் சேமிப்பில் சேர்ந்துவிட்டது, அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. பிரின்சிபாலுக்கும் ஒரு பிரதி. நல்ல ஆங்கிலம். அனுப்பும் முன் அவளிடம் போனைக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“வழக்கமான நடைமுறைன்னா, எல்லாருதும் போட்டுப் பாப்பீங்களா மேம்?”

அவள் ‘செக்’ என்று அனுப்பிய அதே வாரம் குன்னூர் டாக்டர் ஒருவரின் மகளும் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். அழகான ஆங்கிலம். காற்புள்ளிகளை மட்டும் சரிபார்த்துத் திருப்பி அனுப்பினேன். போட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

“இல்ல” என்றேன்.

“என்னது மட்டுமா?”

“உன்னுது மட்டும்தான்.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அப்ப அது பொய்யி மேம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. பிழையைச் சுட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

அந்தத் தொடரை அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: ‘இவ்வளவு நன்றாக அவரால் எழுத முடியாது என்று நான் நினைத்தேன். அதனால் அவருக்குத் தெரியாமல் ஏற்றிப் பார்த்தேன்.’ எழுதி, மறுபடி அவளிடம் நீட்டினேன். மறுபடி உதடு அசைந்தது. அந்த இரண்டு வாக்கியத்தையும் இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். காது மடல் சிவந்துபோயிற்று.

“முடியாதுன்னா நெனச்சீங்க?”

“ஆமாம்மா.”

பள்ளத்தில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“அனுப்பிருங்க மேம். இந்த வரிய எங்கக்காகிட்ட மட்டும் சொல்லமாட்டேன். எங்க மேம்தான் பாத்துப் பாத்துத் திருத்திக் குடுத்தாங்கன்னு அது லைன் பூராவும் சொல்லி வச்சிருக்கு.”